இணையக் கடைகளில் நட்சத்திரங்களையும் ரிவியூக்களையும் எப்படி வாசிப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் கைத்தொலைபேசி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். இணையத்தில் வாங்கிய பவர் பாங்க், சார்ஜர், இயர்போன் என்று ஏதாவதொன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வருபவர்கள் பெரும்பாலும் ஒரே வசனத்தோடுதான் தொடங்குகிறார்கள்: "நல்ல ரிவியூ இருந்தது அண்ணா, அதை நம்பித்தான் எடுத்தேன்." அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை, கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகளுக்குப் பெரும்பாலும் பவர் பாங்கையே எடுத்திருக்கிறேன். வெளியே ஒன்றுபோலவே தோன்றும் நூறு வகைகள் அதில் உண்டு. ரிவியூவில் எழுதியது உண்மையா என்று கணக்குப் போட்டுப் பார்க்கவும் முடியும்.

1. ஒரே மாதிரி இரண்டு பொருள். ஒன்றுக்கு 4.8, மற்றதற்கு 4.4. கூடப் புள்ளி உள்ளதைத்தானே எடுக்க வேண்டும்?

எத்தனை பேர் போட்ட புள்ளி என்று பார்க்காமல் எடுக்க வேண்டாம். 4.8 என்பது 25 பேர் போட்டது, 4.4 என்பது 1,200 பேர் போட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 பேருக்குள் ஏழெட்டுப் பேரைக் காசு கொடுத்துச் சேர்ப்பது சின்ன வேலை. 1,200 பேருடைய சராசரியை அசைப்பதற்கு நூற்றுக்கணக்கானோர் வேண்டும். அதற்குச் செலவும் அதிகம், பிடிபடும் வாய்ப்பும் அதிகம்.

கைத்தொலைபேசிக் கல்குலேட்டரிலேயே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு பொருளுக்கும் 20 பேர் 3 நட்சத்திரம் போட்டதாகக் கற்பனையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலாவதில் 25 பேரின் 120 புள்ளிகளோடு 60 சேர்ந்து 180. அதை 45 பேருக்குப் பிரித்தால் 4.0. இரண்டாவதில் 5,280 புள்ளிகளோடு 60 சேர்ந்து 5,340. 1,220 பேருக்குப் பிரித்தால் ஏறக்குறைய 4.38. வரிசை தலைகீழாக மாறிவிட்டது. சிறிய எண்ணிக்கையின் மயக்கத்தை இந்தக் கணக்கு தீர்க்கும். ஆயிரக்கணக்கில் போலி சேர்த்திருந்தால் தீர்க்காது. அதற்கு எழுத்தை வாசிக்கத்தான் வேண்டும். அத்துடன், திரையில் காட்டும் புள்ளி எல்லாத் தளங்களிலும் வெறும் சராசரி அல்ல. அமேசான் போன்ற தளங்கள் ரிவியூ எவ்வளவு புதியது, எழுதியவர் உண்மையில் வாங்கினாரா என்பவற்றுக்கும் எடை கொடுத்துக் கணக்கிடுகின்றன.

2. ஒரு ரிவியூவைப் பார்த்தவுடன் இது போலி என்று சொல்ல முடியுமா?

தனியாக ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு சொல்வது மிகக் கடினம். பிழையான ஆங்கிலம், அளவுக்கு மீறிய புகழ்ச்சி, ஒரே வரி என்று பலர் அடையாளங்கள் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் உண்மையாக வாங்கியவர்களே அப்படித்தான் எழுதுகிறார்கள். "சூப்பர்", "நல்ல பொருள்", சிங்களத்தில் "படு ஹொந்தய்" என்று ஒரு சொல்லோடு முடிப்பவர்களில் பெரும்பாலானோர் நேர்மையான ஆட்கள். பார்சல் பத்திரமாக வந்துவிட்டதே என்ற நிம்மதியில் எழுதுகிறார்கள்.

ஆகவே நான் கேட்பது வேறு கேள்வி: இந்த ரிவியூவை எழுதியவருக்கு, பொருளைப் பாவித்தால் மட்டுமே தெரியக்கூடிய ஏதாவது தெரிந்திருக்கிறதா? "டெலிவரி வேகம்", "பெட்டி அழகு", "இன்னும் பாவிக்கவில்லை, பார்க்க நன்றாக இருக்கிறது" என்பவற்றில் அப்படி ஒன்றும் இல்லை. உண்மையோ போலியோ, அவற்றை ஒதுக்கிவிடலாம். போலி எழுதுபவர் பொருளைத் தொட்டதே இல்லை என்பதால், அவர் எழுதியதில் பெரும்பகுதி இந்த ஒதுக்கலிலேயே போய்விடும். மிஞ்சுவது எத்தனை, அவை என்ன சொல்கின்றன என்பதைத்தான் இரண்டு பொருளுக்கும் இடையில் ஒப்பிட வேண்டும். கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்த ஒதுக்கலை எப்படிச் செய்வது என்பதைப் பற்றியவைதான்.

3. "Verified Purchase" என்று போட்டிருந்தால் நம்பலாம்தானே?

அந்தக் கணக்கிலிருந்து ஓர் ஆர்டர் போனது என்பதற்கு மட்டும்தான் அது சான்று. யாருடைய காசில் போனது என்பதை அது சொல்லாது.

அமேசான் 2016இல், தன் சொந்தத் திட்டத்தைத் தவிர, இலவசமாகவோ கழிவுக்கோ பொருள் கொடுத்து ரிவியூ எழுதுவிப்பதைத் தடை செய்தது. அதன் பிறகு இந்த வியாபாரம் மூடிய குழுக்களுக்குள் போனது. ஆள் தன் காசிலேயே முழு விலை கொடுத்து வாங்குவார், 5 நட்சத்திரம் போடுவார், அதன் படத்தை விற்பனையாளருக்கு அனுப்புவார். காசு வேறு வழியால் அவருக்குத் திரும்பி வரும். தளத்தின் கண்ணுக்கு அது சுத்தமான கொள்வனவு. 2022 ஜூலையில் இப்படிப்பட்ட 10,000க்கும் மேற்பட்ட பேஸ்புக் குழுக்களின் நிர்வாகிகள்மீது அமேசான் வழக்குப் போட்டது. இந்த வேலை எவ்வளவு பெரிய அளவில் நடக்கிறது என்பதற்கு அந்த எண்ணிக்கையே போதும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. விற்பனையாளர் தானே கணக்குகள் திறந்து, கிடைத்த முகவரிகளுக்குப் பெறுமதியற்ற ஏதாவதொன்றை அனுப்பி, அந்த ஆர்டரின் பெயரில் தானே ரிவியூ எழுதிக்கொள்வார். 2020இல் அமெரிக்காவில் பல வீடுகளுக்கு யாரும் கேட்காத விதைப் பொதிகள் சீனாவிலிருந்து வந்தபோது, அந்நாட்டு விவசாயத் திணைக்களம் சொன்ன விளக்கம் இதுதான்.

4. படம் போட்ட ரிவியூ என்றால் உண்மையாகத்தானே இருக்கும்?

படத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மூடிய பெட்டி, குமிழ் உறை, கூரியர் பில் ஆகியவற்றின் படங்கள் பொருள் வந்தது என்பதை மட்டும் சொல்கின்றன. படம் சேர்த்தால் புள்ளியோ கழிவோ கிடைக்கும் தளங்களில் இப்படிப்பட்ட படங்கள் குவியும். அவற்றில் மோசடி இல்லை, தகவலும் இல்லை.

பாவனையில் இருக்கும் பொருளின் படம் பெறுமதியானது. மூலையில் கீறல் விழுந்த பவர் பாங்க், தராசில் வைத்து எடை தெரிய எடுத்த படம், மூன்றாவது மாதத்தில் உப்பிப் போன உடலின் படம் ஆகியவற்றைக் காசுக்கு எழுதுபவர் தருவதில்லை. ஒரே படம் வெவ்வேறு பெயர்களில் வருகிறதா என்றும் பாருங்கள். ஒரே மேசை விரிப்பு, ஒரே தரை ஓடு மூன்று "வாடிக்கையாளர்களின்" படங்களில் வந்தால் அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறிவிடலாம்.

5. எல்லாம் 5 நட்சத்திரம், கொஞ்சம் 1 நட்சத்திரம், நடுவில் ஒன்றுமே இல்லை. இது போலியின் அடையாளம்தானே?

அது மட்டும் போதாது. இணையக் கடைகளில் நேர்மையான பொருள்களுக்கும் இதே வடிவம்தான் வருகிறது. மிகவும் பிடித்தவரும் மிகவும் கோபம் கொண்டவரும் எழுதுவார்கள். "பரவாயில்லை" என்று நினைப்பவர் எழுதாமல் போய்விடுவார். அதைவிட, வாங்கும்போதே பிடித்துத்தான் வாங்குகிறோம் என்பதால் 5 பக்கம் சாய்வது இயல்பு.

இதைத் தனியாகப் பார்த்தால் பயனில்லை. அதே விலையில் உள்ள அதே வகையான ஐந்தாறு பொருள்களில், எத்தனை பேர் எந்த நட்சத்திரம் போட்டார்கள் என்று காட்டும் பட்டைகளை அடுத்தடுத்துப் பாருங்கள். மற்றவை எல்லாவற்றிலும் 4 நட்சத்திரம் ஓரளவு நீளமாக இருக்க, ஒன்றில் மட்டும் 4 நட்சத்திரமே இல்லாமல் 5 மட்டும் உயர்ந்து நின்றால், அங்கே கூர்ந்து வாசியுங்கள். காசு கொடுப்பவர் யாரும் 4 நட்சத்திரத்துக்குக் காசு கொடுப்பதில்லை.

6. நூற்றுக்கணக்கில் ரிவியூ இருக்கிறது. எதை முதலில் வாசிப்பது?

3 நட்சத்திரத்திலும் 2 நட்சத்திரத்திலும் தொடங்குங்கள். அங்கே எழுதுபவர் பொருளோடு சில நாள் பழகியவர். ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் சொல்லுவார். போலி எழுதுபவருக்கும் கோபத்தில் எழுதுபவருக்கும் அங்கே வேலை இல்லை.

பிறகு 1 நட்சத்திரத்துக்குப் போங்கள். அவற்றைக் கூரியர் குறை, விற்பனையாளர் குறை, பொருளின் குறை என்று மூன்றாகப் பிரியுங்கள். "யாழ்ப்பாணத்துக்கு வர பத்து நாள் எடுத்தது", "நிறம் மாறி வந்தது" என்பவை முதல் இரண்டு வகை. இரண்டு பொருளில் எது நல்லது என்ற கேள்விக்கு மூன்றாவது வகை மட்டும்தான் உதவும். அதிலும் ஒரே குறையை ஒருவரையொருவர் அறியாத நான்கைந்து பேர் தங்கள் தங்கள் சொற்களில் சொன்னால், அதைப் பொருளின் குணமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

5 நட்சத்திரத்தைக் கடைசியாக வாசியுங்கள், ஆனால் வாசிக்காமல் விடாதீர்கள். மோசமான பொருளைக் காட்டிக்கொடுக்கும் சான்று சிலவேளை புகழ்ச்சிக்குள்ளேயே இருக்கும். 9ஆவது கேள்வியில் அப்படி ஒன்று வருகிறது.

7. திகதியைப் பார்க்கச் சொல்கிறார்கள். அதில் என்ன பார்ப்பது?

புதியதிலிருந்து பழையது என்று வரிசைப்படுத்திக்கொண்டு கீழே இறங்குங்கள். மாதத்துக்கு இரண்டு மூன்று என்று வந்துகொண்டிருந்த பொருளுக்கு ஒரே கிழமையில் நாற்பது ரிவியூ வந்திருந்தால் காரணம் தேட வேண்டும்.

நேர்மையான காரணமும் இருக்கலாம். 11.11 போன்ற பெரிய மலிவு விற்பனை முடிந்து, பார்சல்கள் வீடு வந்து சேரும் நாள்களில் எல்லாப் பொருளுக்கும் ரிவியூ குவியும். அந்தக் குவியலில் எல்லாச் சரக்கும் கலந்திருக்கும்: தாமதமாக வந்தது என்ற திட்டு, உடைந்து வந்தது என்ற முறைப்பாடு, 4 நட்சத்திரம், ஒரு சொல் பாராட்டு எல்லாம் சேர்ந்து வரும். காசுக்கு வந்த குவியலில் திட்டு இருக்காது. எல்லாம் 5, எல்லாம் ஏறக்குறைய ஒரே நீளம், பொருளின் முழுப்பெயரை விளம்பரத்தில் உள்ளபடியே சொல்லும் வசனங்கள். பெரும்பாலும் அதற்குச் சற்று முன்னால் நாலைந்து மோசமான ரிவியூக்கள் வரிசையாக வந்திருக்கும். அவற்றைக் கீழே தள்ளுவதற்குத்தான் இந்தக் குவியல்.

8. பவர் பாங்க் பக்கத்தில் "சத்தம் தெளிவாக இருக்கிறது, பேஸ் நல்லது" என்று எழுதியிருக்கிறார்கள். ஏன்?

அது இயர்போனுக்கு எழுதிய ரிவியூ. நல்ல பெயர் எடுத்த பழைய பொருளின் பக்கத்தில் படத்தையும் தலைப்பையும் மட்டும் மாற்றி வேறு பொருளை வைப்பார்கள். அல்லது, ஒரே பொருளின் நிறத்தையும் அளவையும் தெரிவு செய்யும் இடத்தில் முற்றிலும் வேறான பொருளைச் சேர்த்துவிடுவார்கள். பழைய பொருள் உழைத்த நட்சத்திரங்கள் புதியதன் தலையில் ஏறிவிடும். ரிவியூக்கள் எல்லாம் உண்மையானவை, பொருள்தான் வேறு என்பதால் மோசடிகளில் இது மிகக் கெட்டித்தனமானது என்று நினைக்கிறேன்.

பெரிய நிறுவனங்களும் இதைச் செய்து பிடிபட்டிருக்கின்றன. 2023இல் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு, விற்றமின் மாத்திரைகள் விற்கும் தி பவுண்டிஃபுல் கம்பெனி அமேசானில் வெவ்வேறு பொருள்களை ஒரே பக்கத்தில் இணைத்துப் புதிய பொருளுக்குப் பழையதன் ரிவியூக்களை ஏற்றியது என்று குற்றம் சாட்டியது. அந்த நிறுவனம் 6 இலட்சம் டொலர் செலுத்த வேண்டி வந்தது.

கண்டுபிடிப்பது சுலபம். மிகப் பழைய ரிவியூக்களுக்குப் போய், அவை எந்தப் பொருளைப் பற்றிப் பேசுகின்றன என்று பாருங்கள். பல தளங்களில் ஒவ்வொரு ரிவியூவுக்கும் கீழே, வாங்கியவர் எந்த நிறத்தை, எந்த வகையைத் தெரிவு செய்தார் என்று சிறிய எழுத்தில் இருக்கும். நீங்கள் வாங்கப்போவது 20,000 மில்லி ஆம்பியர் மணி வகையாக இருந்து, பாராட்டுகள் எல்லாம் 10,000 வகைக்கு வந்திருந்தால், அந்தப் புள்ளி உங்கள் பொருளுடையது அல்ல.

9. சரி அண்ணா, இரண்டு பவர் பாங்கை முன்னால் வைத்தால் நீங்கள் எப்படிப் பார்ப்பீர்கள்? ஒருமுறை முழுதாகக் காட்டுங்கள்.

இரண்டும் 20,000 மில்லி ஆம்பியர் மணி என்று போட்டவை, விலையும் கிட்டத்தட்ட ஒன்று என்று வையுங்கள். முதலாவதுக்கு 4.8, 310 பேர், இரண்டாவதுக்கு 4.4, 290 பேர். எண்ணிக்கை நெருக்கமாக இருப்பதால் முதல் பதிலில் சொன்ன கணக்கு இங்கே உதவாது. ரிவியூவைத் திறக்க முன்பே மூன்று எண்களைக் குறித்துக்கொள்வேன். மின்கலம் 3.7 வோல்ட் என்பதால் 20,000 என்பது 74 வாட் மணி ஆற்றல். இன்றைய சாதாரணக் கைத்தொலைபேசியின் 5,000 பற்றரிக்கு ஏறக்குறைய 19 வாட் மணி வேண்டும். மின்னழுத்தத்தை மாற்றும்போது வீணாவது போக, அதை இரண்டரை முதல் மூன்று தடவை முழுதாக நிரப்பலாம். நான்கு தடவை நிரப்பவே முடியாது. பவர் பாங்கை 10 வாட் சார்ஜரில் போட்டால் நிரம்புவதற்கு எட்டு ஒன்பது மணி நேரமாவது ஆகும், 18 வாட் என்றால் ஐந்து மணி நேரம் அளவில். எடை 300 கிராமுக்குக் கீழே வருவது அரிது.

முதலாவதில் எழுத்தோடு வந்த ரிவியூ 96. அதில் 71 "நல்லது", "டெலிவரி வேகம்", "இன்னும் பாவிக்கவில்லை" வகை. 14 இயர்போனைப் பற்றியவை. மிஞ்சியது 11. அந்த 11இல் ஏழு 5 நட்சத்திரம்: "கையில் பிடித்தால் பாரமே தெரியவில்லை", "சாதாரண சார்ஜரில் இரண்டு மணி நேரத்தில் நிரம்பிவிட்டது, அருமை" என்கின்றன. மற்ற நான்கும் 1, 2 நட்சத்திரம்: "ஒரு தடவைதான் போனுக்கு ஏறியது." மேலோட்டமாகப் பார்த்தால் ஏழு பேர் புகழ்கிறார்கள், நான்கு பேர் திட்டுகிறார்கள். கணக்கோடு பார்த்தால் பதினொரு பேரும் ஒரே உண்மையைத்தான் சொல்கிறார்கள். 10 வாட்டில் இரண்டு மணி நேரம் என்றால் உள்ளே போனது அதிகபட்சம் 20 வாட் மணி. உறையில் எழுதிய 74இல் கால்வாசியை ஒட்டியது. பாராட்டியவர்கள் பொய் சொல்லவில்லை. தாங்கள் ஏமாந்ததை அறியாமல் பாராட்டுகிறார்கள்.

இரண்டாவதில் எழுத்தோடு வந்தது 80, ஒதுக்கியது 45, மிஞ்சியது 35. அதில் 22 பேர் போனுக்கு இரண்டு, இரண்டரை தடவை ஏறுகிறது என்கிறார்கள். ஆறு பேர் பாரம் என்று குறை சொல்கிறார்கள். நான்கு பேர் இரவு முழுக்கப் போட்டால்தான் நிரம்புகிறது என்று 3 நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள். மூன்று பேருக்கு ஒரு மாதத்துக்குள் பழுதாகியிருக்கிறது. பாரமும், நிரம்ப எடுக்கும் நேரமும் உள்ளே உண்மையாகவே மின்கலம் இருப்பதன் விளைவுகள். அந்தக் குறைகள்தான் அதன் புள்ளியை 4.4க்கு இறக்கியிருக்கின்றன. பழுதான மூன்றும் கவலைதான். ஆகவே உத்தரவாதம் எத்தனை மாதம், யார் தருகிறார் என்று பார்த்துவிட்டு இரண்டாவதை எடுப்பேன்.

முதலாவது வகையைப் போன்ற ஒன்றைக் கடையில் பிரித்திருக்கிறேன். ஆறு மின்கலங்கள் இருக்க வேண்டிய உடலுக்குள் இரண்டு மட்டும் வயரில் இருந்தன. மற்ற இடத்தில் பாரத்துக்காக ஒரு இரும்புத் தகட்டைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். ஆகவே எடையை மட்டும் நம்பவும் வேண்டாம். எத்தனை தடவை ஏறுகிறது, நிரம்ப எவ்வளவு நேரம் என்ற இரண்டையும் தகடு ஒட்டி மறைக்க முடியாது.

10. மின்விசிறிக்கும் மிக்ஸிக்கும் இப்படிக் கணக்கு இல்லையே. அவற்றுக்கு?

ஒவ்வொரு பொருளிலும் பாவித்தவருக்கு மட்டும் தெரியும் ஒன்றிரண்டு விடயங்கள் இருக்கும். வாங்க முன் அவை எவை என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். மின்வெட்டுக்குப் பாவிக்கும் சார்ஜ் மின்விசிறி என்றால், முழு வேகத்தில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது, ஆறு மாதம் கழித்து எத்தனை மணி நேரம். மிக்ஸி என்றால், காய்ந்த மிளகாயும் மல்லியும் அரைக்கும்போது உடல் எவ்வளவு சூடாகிறது, மூடி கசிகிறதா. பிறகு ரிவியூக்களில் அந்தச் சொற்களையே தேடுங்கள். தேடும் வசதி உள்ள தளத்தில் தமிழிலும், ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழிலும் தட்டிப் பாருங்கள். எங்கள் ஆட்கள் பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

இதில் ஓர் எல்லை உண்டு. பெரும்பாலானோர் பொருள் கிடைத்த ஒரு கிழமைக்குள் எழுதிவிடுகிறார்கள். எவ்வளவு காலம் உழைக்கும் என்ற கேள்விக்கு அந்த எழுத்தில் பதில் கிடையாது. மாதங்கள் கழித்து மறுபடி வந்து எழுதியவர் ஒருவர் இருந்தால், அவருடைய நான்கு வரிக்கு மற்ற நாற்பதைவிட எடை கொடுங்கள்.

11. ஒரே படம், ஒரே பொருள், பத்துக் கடையில் பத்துப் பெயரில் இருக்கிறது. எதன் ரிவியூவைப் பார்ப்பது?

எல்லாவற்றினதும். ஒரே தொழிற்சாலைப் பொருளுக்குப் பல இறக்குமதியாளர்கள் தங்கள் தங்கள் பெயரைக் குத்தி விற்கிறார்கள். பெயரை விட்டுவிட்டு உடலைப் பாருங்கள்: பொத்தான் இருக்கும் இடம், துளைகளின் வரிசை, விளக்கின் வடிவம். அவை ஒத்திருந்தால், ஒரு பக்கத்தில் 30 ரிவியூ மட்டும் இருந்தாலும் பத்துப் பக்கத்தையும் சேர்த்து நல்லதொரு தொகை கிடைக்கும். ஒன்பது பக்கங்களில் ஒரே குறை வந்து, பத்தாவதில் மட்டும் அது இல்லாமல் 4.9 இருந்தால், கவனிக்க வேண்டியது அந்தப் பத்தாவது பக்கத்தைத்தான்.

ஆனால் வெளியுடல் ஒன்றாக இருந்து உள்ளே மலிவான மின்கலம் வைத்திருப்பதும் நடக்கிறது. ஆகவே ஒரு பக்கத்தின் நல்ல பெயரை இன்னொன்றுக்குக் கொடுக்காதீர்கள். குறைகளை மட்டும் சேர்த்துப் பாருங்கள்.

12. பெட்டிக்குள் ஓர் அட்டை இருந்தது. 5 நட்சத்திரம் போட்டு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் 500 ரூபாய் தருவார்களாம். போடலாமா?

போட வேண்டாம். அந்த 500 ரூபாய்க்கு உங்களுக்குப் பின்னால் வாங்க வருபவரை விற்கிறீர்கள். காசு வராமல் போனாலும் உங்களால் முறையிட முடியாது. சில வேளைகளில் அந்த எண்ணிலிருந்து வங்கி விவரமும், கைத்தொலைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் கேட்பார்கள். அதைக் கொடுத்தால் போவது 500 ரூபாயோடு நிற்காது. அட்டையைப் படமெடுத்து, உண்மையான உங்கள் ரிவியூவோடு சேர்த்துப் போடுங்கள். அடுத்து வாங்குபவருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை. அமெரிக்காவில் 2024 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதி, நல்லதாகவே எழுத வேண்டும் என்ற நிபந்தனையோடு காசு கொடுப்பதைத் தடை செய்கிறது.

"ரிவியூ போடும் வேலை, நாளுக்கு இவ்வளவு" என்று வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் வருவதையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். முதலில் சில நூறு ரூபாய் தந்து நம்பவைப்பார்கள். பிறகு பெரிய வேலைக்கு முற்பணம் கட்டச் சொல்வார்கள். கட்டிய காசு திரும்பாது. பல்கலைக்கழகப் பிள்ளைகள் இதில் கூடுதலாக அகப்படுகிறார்கள். தம்பி தங்கைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

13. எனது 2 நட்சத்திர ரிவியூவைக் காணவில்லை. கெட்டதை அழித்துவிடுவார்களா?

எங்கே எழுதினீர்கள் என்பதைப் பொறுத்தது. பலர் விற்கும் பெரிய சந்தைத் தளங்களில் விற்பனையாளர் நேரடியாக அழிக்க முடிவதில்லை. கெட்ட பெயர் எடுத்த பக்கத்தையே மூடிவிட்டு, அதே பொருளைப் புதிய பக்கமாகத் திறப்பதுதான் அங்கே வழக்கம். கடை பல ஆண்டு பழையதாக இருந்து, பொருளின் பக்கம் மட்டும் கடந்த மாதம் பிறந்ததாக இருந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நிறுவனம் தன் சொந்த இணையத்தளத்தில் காட்டும் ரிவியூக்களை அதுவே தெரிவு செய்கிறது. ஃபேஷன் நோவா என்ற ஆடை நிறுவனம் 4 நட்சத்திரத்துக்குக் குறைந்தவற்றை வெளியிடாமல் வைத்திருந்தது என்ற குற்றச்சாட்டில், 2022இல் 42 இலட்சம் டொலர் செலுத்த ஒத்துக்கொண்டது. பேஸ்புக் பக்கம் வைத்து விற்கும் எங்கள் ஊர்க் கடைகளிலும் பிடிக்காத கருத்தை ஒரு தட்டில் மறைத்துவிடலாம். அங்கே பக்கத்தின் கீழுள்ள கருத்துகளைவிட, வேறு குழுக்களில் அந்தக் கடையின் பெயரைத் தேடிக் கிடைப்பதை நம்புங்கள்.

14. போட்டிக்காரன் 1 நட்சத்திரம் போட்டுக் கெடுத்திருந்தால்?

நடப்பதுண்டு. அப்போதும் 2ஆவது பதிலில் உள்ள கேள்வியையே கேளுங்கள். "குப்பை, வாங்காதீர்கள்" என்பதில் பாவித்தவரின் அறிவு எதுவும் இல்லை, ஒதுக்கிவிடுங்கள். "இரண்டாவது துளையில் கேபிள் போட்டால் முதலாவது நின்றுவிடுகிறது" என்பதைப் பொருளைத் தொடாதவர் எழுத மாட்டார். நல்ல பொருளின் சில குறை ரிவியூக்கள் இப்படி ஒதுங்கிப்போவதையும், அதன் புள்ளி தெரிவதைவிட நல்லது என்பதையும் சில வேளை காண்பீர்கள்.

15. எல்லாம் பார்த்து வாங்கியும் ஏமாந்துவிட்டேன். இனி என்ன செய்வது?

பார்சலைத் திறக்கும்போதே, முகவரித் துண்டு தெரியத் தொடங்கி வெட்டாமல் வீடியோ எடுத்திருந்தால் வழி சுலபம். தளம் திருப்பி எடுக்கும் நாள்கள் முடிய முன் முறைப்பாட்டைப் பதியுங்கள். "நல்லதாக இல்லை" என்று எழுதினால் இழுபடும். "20,000 என்று விளம்பரம், 10 வாட் சார்ஜரில் இரண்டு மணி நேரத்தில் நிரம்புகிறது, 5,000 பற்றரி போனை ஒரு தடவைதான் நிரப்புகிறது" என்று எழுதி, விளம்பரப் பக்கத்தின் படத்தையும் சேருங்கள். பக்கம் பிறகு மாறிவிடும் என்பதால் அந்தப் படத்தை வாங்கும் நாளிலேயே எடுத்து வைக்க வேண்டும்.

விற்பனையாளர் இலங்கையில் இருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடமும் முறையிடலாம். 1977 என்ற எண்ணில் பேசலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி எழுத்துமூல முறைப்பாட்டைப் பொருள் வாங்கிய மூன்று மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும். பற்றுச்சீட்டோ ஆர்டர் விவரமோ கையில் இருக்க வேண்டும். விற்பனையாளர் வெளிநாட்டில் இருந்தால் தளத்தின் முறைப்பாட்டு வழிதான் மிச்சம். அதனால்தான் இரண்டு பொருளும் எல்லாவற்றிலும் சமமாக வந்தால், விலை கொஞ்சம் கூடினாலும் உள்ளூரில் திருப்பி எடுக்கும் விற்பனையாளரிடம் வாங்கச் சொல்கிறேன்.